தோசை மாவும் உவர்க் கிணறும்: அனலைதீவுப் பாதையில் ஒரு காலைச் சாப்பாடு

யாழ்ப்பாணத் தோசை மஞ்சள் நிறமானது, மொத்தமானது. மேற்பரப்பு முழுவதும் துளை விழுந்திருக்கும். கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய்த் துண்டு, வதங்கிய சின்ன வெங்காயம் எல்லாம் மாவுக்குள்ளேயே கலந்திருக்கும். தமிழ்நாட்டில் மெல்லியதாக இழுத்து முறுகலாகச் சுடும் தோசையோடு பழகியவருக்கு இது வேறொரு பண்டமாகவே தெரியும். தீவுப் பகுதிக் காலைச் சாப்பாட்டில் இதற்குத்தான் முதலிடம். இட்டலி அடுத்து வரும். இரண்டுக்கும் தேங்காய்ச் சம்பல் துணை. கடையென்றால் சாம்பாரும் சேரும்.

அனலைதீவுக்குப் போகிறவர் இந்தச் சாப்பாட்டை முதலில் காண்பது யாழ்ப்பாண நகரத்தில்தான். பேருந்து நிலையத்தை அடுத்த பெரியகடைப் பக்கம் சைவக் கடைகள் விடியற்காலையிலேயே திறந்துவிடும். அவற்றில் பெயர்பெற்றது மலாயன் கபே. அங்கே வாழையிலையில் பரிமாறுகிறார்கள்; சாப்பிட்டு முடித்தவர் இலையை மடித்து, அதற்கென விட்டிருக்கும் துவாரத்தில் தாமே போட்டுவிட்டுக் கை கழுவப் போகிறார். தீவுக்கான முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் வாசல் பக்க மேசைகளில் அவசரமாகச் சாப்பிடுவார்கள். அந்த நேரத்து வெயில் இன்னும் சாய்வாகத்தான் இருக்கும். யன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழும் அந்த ஒளியில்தான் இட்டலித் தட்டிலிருந்து எழும் ஆவி கண்ணுக்குத் தெரிகிறது. எட்டரை மணிக்கு மேல் வெளிச்சம் அறை முழுவதும் பரவியபின் அதே ஆவி தெரியாமல் போய்விடும்.

இந்தக் கடைகள் எல்லோருக்கும் எப்போதும் திறந்திருந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாத கடைகளும், வெளியே நிறுத்தித் தனிப் பாத்திரத்தில் கொடுத்த கடைகளும் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்தன. உணவகத்தில் ஒருவரைச் சாதி காரணமாக மறுப்பதை 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் சட்டம் நடைமுறைக்கு வர 1960-களின் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் தேவைப்பட்டன. இன்று ஒரே மேசையில் யாரும் யாருக்கும் பக்கத்தில் இருந்து இலை விரிப்பது அந்தப் போராட்டங்களால் கிடைத்தது.

நகரத்திலிருந்து பேருந்து பண்ணைப் பாலத்தில் ஏறி, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து வேலணைத் தீவின் வழியாக ஊர்காவற்றுறைக்குப் போகும். இறங்குதுறையில் நின்றால் எதிரே நீருக்குள் கடற்கோட்டை தெரியும். அங்கிருந்து படகு. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தபோது அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் ஒட்டவில்லை. பனையும் புகையிலைத் தோட்டமும் ஐயனார் கோயிலும் உள்ள சிறிய தீவு. 1990-இல் தொடங்கிய இடப்பெயர்வுக்குப் பிறகு இதன் மக்களில் பெரும்பகுதியினர் வெளியே வாழ்கிறார்கள்.

படகில் மனிதரோடு சாமானும் போகிறது. கோதுமை மா மூட்டை, உழுந்துப் பை, எரிவாயுச் சிலிண்டர், தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எல்லாம் ஒரே தளத்தில் கிடக்கும். தீவுச் சமையலறையில் தோசை எப்படி அமைகிறது என்பதைப் பெரும்பாலும் இந்தச் சாமான்கள் தீர்மானிக்கின்றன.

முதலில் கோதுமை மா. இலங்கை தன் அரிசியில் பெரும்பங்கைப் பர்மாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாடு. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. உலக யுத்தம் முடிந்த பிறகும் மா போகவில்லை. பிட்டு, இடியப்பம், தோசை மூன்றிலும் அது நிலைத்துவிட்டது. மழையை நம்பி ஒரே போகம் நெல் விளையும் தீவுகளில் அது இன்னும் ஆழமாக வேரூன்றியதில் வியப்பில்லை. பஞ்சகாலத்து மாற்றாக வந்த பொருள் இன்று சுவையின் அடையாளமாகிவிட்டது. கோதுமை மா இல்லாமல் சுட்ட தோசையை யாழ்ப்பாணத்தவர் பலர் தங்கள் தோசையென்று ஏற்கமாட்டார்கள்.

அளவுகள் வீட்டுக்கு வீடு மாறும். ஆனாலும் ஐந்தாறு பேருக்கான ஒரு நடுத்தர அளவைப் பின்தொடர்ந்தால் வேலையின் முறை விளங்கும். அளக்கும் பாத்திரம் சுண்டு. ஒரு கிலோ அரிசி ஏறத்தாழ ஐந்து சுண்டு வரும். ஒரு சுண்டு உழுந்து, அரைச் சுண்டு பச்சையரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஆகியவற்றைக் காலையிலோ மத்தியானத்திலோ ஊறப்போட வேண்டும். நாலைந்து மணி நேரம் போதும். தோலுள்ள உழுந்தென்றால் ஊறியபின் கையால் பிசைந்து, தண்ணீரை மாற்றி மாற்றித் தோலை மிதக்கவிட்டுக் கழிக்க வேண்டும். பின்னேரம் அரைப்பு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் உழுந்தை அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் அரைபடும், ஆனால் பொங்காது. பதம் பார்ப்பதற்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டு மாவை விடுவார்கள். மிதந்தால் காற்று ஏறிவிட்டது. அமிழ்ந்தால் இன்னும் அரைக்க வேண்டும்.

இரண்டு சுண்டு கோதுமை மாவைத் தனியாகத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அரைத்ததோடு சேர்க்க வேண்டும். இங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு. சிலர் மாவைப் பச்சையாகவே கரைப்பார்கள். சிலர் துணியில் கட்டி ஆவியில் அவித்து அரித்தெடுத்த மாவைச் சேர்ப்பார்கள். பச்சை மாவில் பசைத்தன்மை உண்டு. அது வாயுவைப் பிடித்துக்கொண்டு தோசையைப் பஞ்சு போல உப்பச் செய்யும். ஆனால் காலையில் அளவுக்கு மீறி அடித்துக் கலக்கினால் அதே பசை இறப்பராக இழுபடும். அவித்த மாவில் பசை செத்துவிடுவதால் அந்த ஆபத்து இல்லை, உப்புதலும் குறைவு. அரிசியில் ஒரு பங்கைக் குறுணலாக எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு மாவில் கலக்கும் வழக்கமும் உண்டு. இதைக் கப்பி காய்ச்சுதல் என்பார்கள். வெந்த மாப்பொருள் நுண்ணுயிர்களுக்கு எளிதில் கிடைக்கும் தீனி என்பதால் கப்பி சேர்த்த மா விரைவாகப் புளிக்கும். தோசையும் மெத்தென்று வரும்.

புளிப்பது என்பது உழுந்தோடும் அரிசியோடும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் வேலை. லூகோனோஸ்டாக் என்ற வகைதான் இதில் முதன்மையானது. அது சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைப் பொங்க வைக்கிறது. உழுந்தின் புரதமும் அதிலுள்ள வழுவழுப்பான பசைப்பொருளும் சேர்ந்து குமிழ்களை உடையவிடாமல் தாங்குகின்றன. உழுந்தைக் குறைத்தால் மா புளிக்கும், ஆனால் பொங்காது. 30 பாகை செல்சியஸ் சூட்டில் இது ஓரிரவில் முடிந்துவிடும். கோடைகாலத்தில் தீவுகளில் இரவுச் சூடு அதற்கு நெருக்கமாகவே இருப்பதால், மாலை ஆறு மணிக்கு அரைத்த மா விடியுமுன் பொங்கி வழிந்துவிடும். அதனால் இரவு பிந்தி அரைப்பது நல்லது. மார்கழி, தை வாடைக்காற்றில் நேர்மாறு. அப்போது மாப்பானையைச் சாக்கால் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

தீவுக்கேயுரிய சிக்கல் தண்ணீர். இந்தத் தீவுகளின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர் அடுக்காக நிற்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி மழையில் அந்த அடுக்குத் தடிக்கும். அடுத்த மழைக்குள் மெலிந்துபோகும். அதிகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். ஆகவே ஒரே கிணறு தையில் இனிக்கும், ஆவணியில் உவர்க்கும். குடிக்க ஒரு கிணறு, குளிக்க ஒரு கிணறு என்று மக்கள் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். தோசை மாவுக்கு ஊறவைக்கும் தண்ணீரும் அரைக்கும் தண்ணீரும் குடிநீர்க் கிணற்றிலிருந்தே வர வேண்டும். உவர்நீரில் அரைத்தால் நுண்ணுயிர் மந்தமாகலாம். காலையில் மா சரியாகப் பொங்காமல் போகலாம், நாக்கிலும் உப்புத் தட்டும். அப்படிப்பட்ட மாவில் அப்பச் சோடா போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. துளை விழும், புளிப்பின் மணம் வராது. நல்ல தண்ணீர் கிடைத்த நாளிலும் உப்பை இரவில் போடாமல் காலையில், மாவை நாக்கில் வைத்துப் பார்த்தபின் போடும் பழக்கம் பாதுகாப்பானது. கோடையில் அந்த உப்பு பாதியாகக் குறையும். கிணறு மாறிவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது தேத்தண்ணிதான். சாயம் கறுத்து, மேலே மெல்லிய படை கட்டினால் தண்ணீர் கடினமாகிவிட்டது என்று பொருள்.

காலையில் தாச்சியில் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, சிட்டிகை மஞ்சளோடு மாவில் கொட்டிக் கரண்டியால் இரண்டு மூன்று முறை மட்டும் கிளறுவார்கள். கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பார்கள். துளி உருண்டு ஓடினால் சூடு அதிகம், உடனே சுண்டினால் சரி. எண்ணெய் தோய்த்த துணியால் கல்லைத் துடைத்து, ஓரகப்பை மாவை ஊற்றி, அகப்பையின் அடியால் லேசாக வட்டம் காட்டி விடுவார்கள். இழுத்துத் தேய்ப்பதில்லை. மேலே துளைகள் திறந்ததும் மூடி போட்டு அவிய விடுவார்கள். பலர் மறுபக்கமும் ஒரு நொடி புரட்டி எடுப்பார்கள். துளைகள் கல்லில் ஊற்றிய அரை நிமிடத்துக்குள் திறக்க வேண்டும். திறக்காமல் மேற்பரப்பு மூடியே கிடந்தால் மா போதியளவு புளிக்கவில்லை. துளை ஏராளமாக இருந்தும் அடிப்பக்கம் வெளிறிக் கிடந்தால் மா மீறிப் புளித்துவிட்டது. சிவக்க வைக்கும் சர்க்கரையை நுண்ணுயிர் தின்று தீர்த்துவிட்டது. மேலே சொன்ன அளவில் பதினெட்டு, இருபது தோசை வரும்.

தீவில் பல வீடுகளில் எரிவாயு இருந்தாலும் தோசைக்கு விறகடுப்பையே விரும்புகிறார்கள். காய்ந்த பன்னாடையால் பற்றவைத்து, தென்னம்பாளையையும் பனைமட்டையையும் தள்ளுவார்கள். பாளை சட்டென்று எரிந்து சட்டென்று அடங்கும். கல்லின் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அது வசதி. சிலிண்டரைப் படகேற்றிக் கொண்டுவரும் செலவும் ஒரு காரணம்.

இட்டலிக்குக் கோதுமை மா ஆகாது. பச்சை மாவை ஆவியில் வைத்தால் பசைக்கட்டியாகிவிடும். அதனால் யாழ்ப்பாணத்தில் பலர் ஒரு பங்கு உழுந்துக்கு இரண்டு பங்கு வறுத்த ரவை சேர்ப்பார்கள். புழுங்கலரிசி போடுவோரும் உண்டு. எப்படியானாலும் இட்டலியில் உழுந்தை மறைக்க இடமில்லை. 2020-இல் அரசு உழுந்து உட்படப் பல தானியங்களின் இறக்குமதியைத் தடுத்தபோது முதலில் அடிபட்டவை இட்டலியும் வடையும்தான். வவுனியா உள்ளிட்ட வன்னி வயல்களின் விளைச்சல் நாட்டின் தேவைக்குப் போதவில்லை. விலை பல மடங்கு ஏறியது. தோசையில் மாவைச் சற்றுக் கூட்டி உழுந்தைக் குறைத்துச் சமாளிக்க முடிந்தது. தீவுப் பகுதியில் தோசை நாளாந்தப் பண்டமாகவும் இட்டலி விசேஷப் பண்டமாகவும் இருப்பதற்கு உழுந்தின் விலையே பெரிய காரணம் என்று எண்ண இடமுண்டு.

அவிக்கும்போது தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே தட்டை இறக்க வேண்டும். ஆறிய தண்ணீரின் மேல் வைத்து மெல்லச் சூடேற்றினால், ஆவி வருமுன் குமிழ்கள் கலைந்து இட்டலி தட்டையாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். இறக்கியதும் இரண்டு நிமிடம் விட்டால் தட்டில் விரித்த துணியிலிருந்து சுத்தமாகக் கழன்று வரும். சுண்ணாம்பு கலந்த கிணற்றுநீர் அவிக்கும் பானையின் உட்புறத்தில் வெள்ளைப் படிவை விடும். ஒரு துண்டுப் பழப்புளியைத் தண்ணீரில் போட்டுவைத்தால் அந்தப் படிவும் இளகும், அலுமினியமும் கறுக்காது.

சம்பலில் அவசரம் கூடாது. தோசைக்குச் சிவப்புச் சம்பல், இட்டலிக்குப் பச்சை மிளகாய் போட்ட வெள்ளைச் சம்பல் என்பது பொதுவான சோடி. சிவப்புச் சம்பலுக்குச் செத்தல் மிளகாயைச் சிறிது எண்ணெயில் கருகாமல் பொரித்து, முதலில் உப்போடு அம்மியில் நசிக்க வேண்டும். மிளகாய் நன்றாக மசிந்தபின்தான் தேங்காய்ப்பூ. தேங்காய் பாதி அரைபட்டதும் கொஞ்சம் பழப்புளி. சின்ன வெங்காயம் கடைசியில், ஒருமுறை குழவியை உருட்டி நசிக்க மட்டும். வெங்காயத்தை முதலில் போட்டு நன்றாக அரைத்தால் கசப்பு ஏறும். மின்சார அரைப்பானில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தேங்காய் மசிந்து பசையாகிவிடும். அம்மியில் அரைத்ததில் தேங்காய் தனியே பல்லில் படும். இது பழைமை மீதான ஆசை மட்டுமல்ல. தோசை மெத்தென்றிருப்பதால் சம்பலில் அந்தச் சொரசொரப்பு வேண்டியிருக்கிறது. தோசைக்கென்றால் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி மேலே தாளிதம் கொட்டுவார்கள். துருவிய தேங்காய் தீவின் வெக்கையில் சில மணி நேரத்தில் நொதித்துவிடும் என்பதால் காலைச் சம்பலை மத்தியானத்துக்கு வைப்பதில்லை. விரலால் தொட்டால் நூல் இழுப்பதும், புளிச்ச வாடை வருவதும் கெட்டுவிட்டதன் அடையாளம்.

இலையிலும் பருவம் உண்டு. வைகாசி முதல் புரட்டாதி வரை அடிக்கும் சோழகக் காற்று திறந்த தீவில் வாழையிலையைக் கிழித்து நார்நாராக்கிவிடும். மதில் மறைவிலும் கிணற்றடியிலும் நின்ற வாழைதான் முழு இலை தரும். நகரக் கடைகளுக்கு நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களின் வாழை இருக்கிறது. கிழிசல் இலையில் தோசைக்குக் குறையில்லை, சாம்பார்தான் ஒழுகும். இலை கிடைக்காத இடங்களில் தட்டின் மேல் மெல்லிய பொலித்தீன் தாளை விரித்துப் பரிமாறும் வழக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. 2017 செப்டம்பரில் அந்த உணவுத் தாள்களுக்கு இலங்கை தடை விதித்தது. சூடான இட்டலியை வைத்தால் பொலித்தீனில் வியர்வை கட்டி அடிப்பக்கம் நனைந்து குழையும். இலையில் வைத்த இட்டலிக்கு அதன் பச்சை மணம் லேசாக ஏறும். சாப்பிட்ட இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும்.

இலையில் சம்பலும் சாம்பாரும் மேற்பக்கம், தோசை நடுவில். முதலில் இரண்டு வைப்பார்கள். கேட்கக் கேட்கக் கல்லிலிருந்து நேராக வரும். அடுக்கி மூடிவைத்த தோசை தன் ஆவியிலேயே நனைந்து துளைகள் அமுங்கிவிடுவதால், சாப்பிடுகிறவர் காத்திருக்க வேண்டுமே தவிர தோசை காத்திருக்கக் கூடாது. கடையிலும் வீட்டிலும் கடைசியாக இருந்து சாப்பிடுகிறவர் சுடுகிறவர்தான்.

மின்சாரமும் இந்தச் சாப்பாட்டுக்குள் வருகிறது. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றும் நாட்டின் மின்வலையில் இணையாதவை. டீசல் இயந்திரங்களே மின்சாரம் தந்துவந்தன. 2024 மார்ச்சில் இந்தியாவின் நிதியுதவியோடு இந்த மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. டீசலும் மா மூட்டையைப் போலக் கடல் கடந்து வர வேண்டிய பொருள். நம்பகமான மின்சாரம் வந்தால் மாறக்கூடியவை இரண்டு. ஒன்று அரைப்பு, ஆட்டுக்கல்லில் கைவலிக்க ஆட்டும் ஒரு மணி நேர வேலையைக் கிரைண்டர் எடுத்துக்கொள்ளும். மற்றது மிஞ்சிய மா. குளிரூட்டி நம்பகமாக ஓடாத இடத்தில் இரண்டாம் நாள் மா கடும் புளிப்பாகிவிடும். அதைக் கொட்டுவதில்லை. கொஞ்சம் புதுக் கோதுமை மாவைக் கரைத்துவிட்டு, வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் நிறைய அரிந்து போட்டு, பின்னேரத் தேத்தண்ணிக்குச் சின்னச் சின்னத் தோசையாகச் சுட்டு எடுப்பார்கள். அதற்குச் சம்பல் தேவைப்படுவதில்லை.